கெர்னலைத் தொந்தரவு செய்யாத பூட்டு

லினக்ஸ் கணினியில் ஒரு சிறிய சி நிரல். அதில் ஒரே ஒரு வேலைதான்: ஒரு பூட்டைப் போடுவது, உடனே எடுப்பது, இதையே ஒரு கோடி முறை செய்வது. சாதாரண மடிக்கணினியில் இது கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இந்தப் பூட்டுக்காக நிரல் எத்தனை முறை கெர்னலிடம் போனது என்று எண்ணிப் பார்க்க ஒரு கட்டளை உண்டு:

```
strace -f -c -e trace=futex ./a.out
```

விடை: பூஜ்யம். ஒரு கோடிப் பூட்டலும் ஒரு கோடித் திறப்பும் நடந்தது கெர்னலுக்குத் தெரியவே தெரியாது. அதே நிரலில் நான்கு த்ரெட்களை விட்டு அதே பூட்டுக்கு மோதவிட்டால் கதை மாறும். futex என்ற பெயருக்கு எதிரே எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறும், ஒவ்வொரு ஓட்டத்திலும் வேறு வேறாக.

பூட்டு எதற்கு என்பதை முதலில் பார்த்துவிடலாம். பேருந்து முன்பதிவு சர்வர் ஒன்றில் இரண்டு த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மீதி இருப்பது ஒரு இருக்கை. முதல் த்ரெட் எண்ணிக்கையைப் படிக்கிறது: 1. அது குறைத்து எழுதுவதற்குள் இரண்டாவதும் படிக்கிறது: அதற்கும் 1. இரண்டும் டிக்கெட் கொடுத்துவிடும். இதைத் தடுக்கத்தான், படிப்பதிலிருந்து எழுதுவது வரையான துண்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் விடும் பூட்டு.

பழைய யூனிக்ஸ் வழியில் இந்தப் பூட்டு கெர்னலுக்குள் இருந்தது. சிஸ்டம் ஃபைவ் செமஃபோர் என்று பெயர். அதைப் பூட்டவும் சிஸ்டம் கால், திறக்கவும் சிஸ்டம் கால். போட்டிக்கு யாருமே இல்லாவிட்டாலும் அப்படித்தான். சிஸ்டம் கால் என்பது நிரல் தன் ஓட்டத்தை நிறுத்தி, ப்ராசஸர் சலுகை நிலைக்கு மாறி, கெர்னல் வேலையை முடித்துத் திரும்பி வருவது. நவீன கணினியில் இதற்கு நூறு நானோ வினாடியும் ஆகலாம், பல நூறும் ஆகலாம். நினைவகத்தில் உள்ள ஒரு எண்ணை நிரலே நேரடியாக மாற்ற அதில் ஒரு சிறு பங்குதான் செலவு. ரயில் பெட்டியில் கழிவறை காலியா என்று கதவைப் பார்த்தாலே தெரியும் என்னும்போது, ஒவ்வொரு முறையும் டி.டி.இ.யைத் தேடிப்போய்க் கேட்டுவிட்டு வருவது போன்ற ஏற்பாடு அது. உண்மையில் பெரும்பாலான பூட்டுகள் பெரும்பாலான நேரம் காலியாகவே இருக்கின்றன. மோதல் வருவது அபூர்வம்.

இதை மாற்றியது 2002-இல் லினக்ஸில் வந்த ஃப்யூடெக்ஸ். ஐபிஎம்மின் ஹியூபர்டஸ் ஃபிராங்க், ரஸ்டி ரஸல், ரெட் ஹேட்டின் இங்கோ மோல்நார், இவர்களுடன் மேத்யூ கிர்க்வுட். ஃபிராங்க், ரஸல், கிர்க்வுட் மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்த ஆண்டு ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் வெளியானது. அதற்குள் கெர்னலின் 2.5.7 சோதனைப் பதிப்பில் நிரலும் சேர்ந்திருந்தது. 2003 டிசம்பரில் வந்த 2.6 நிலைப் பதிப்பின் வழியாக அது எல்லோர் கணினிக்கும் போனது.

யோசனை இவ்வளவுதான். பூட்டு என்பது நிரலின் சொந்த நினைவகத்தில் இருக்கும் 32 பிட் எண். அதை மாற்றுவது நிரலின் பொறுப்பு. பூட்டு கிடைக்காமல் தூங்க வேண்டி வந்தால், அல்லது தூங்குகிறவரை எழுப்ப வேண்டி வந்தால் மட்டும் கெர்னலிடம் போக வேண்டும். கெர்னல் கொடுக்கும் முக்கியமான சேவைகள் இரண்டு: `FUTEX_WAIT`, `FUTEX_WAKE`. பூட்டு என்றால் என்ன என்பதே கெர்னலுக்குத் தெரியாது. “இந்த முகவரியில் தூங்கு”, “இந்த முகவரியில் தூங்குகிறவரை எழுப்பு”, அவ்வளவே அதற்குப் புரியும்.

அந்த எண்ணை எப்படி மாற்றுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. குனு சி நூலகத்தைப் பல ஆண்டுகள் பராமரித்த உல்ரிச் டிரெப்பர் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். ஃப்யூடெக்ஸ் தந்திரமானது என்பதே அதன் தலைப்பு. அதில் அவர் முதலில் காட்டும் பூட்டு பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் கோணல். அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், யாரும் காத்திருக்காவிட்டாலும், கெர்னலைக் கூப்பிட வேண்டியிருக்கும். காத்திருக்கும் இரண்டு த்ரெட்கள் அந்த எண்ணை மாறி மாறிக் கூட்டிக்கொண்டே போய், இரண்டுமே தூங்க முடியாமல் ப்ராசஸரை விரயமாக்கவும் வழி உண்டு. அடுத்து அவர் திருத்திக் காட்டும் பூட்டுக்கு மூன்றே நிலைகள். 0 என்றால் காலி. 1 என்றால் ஒருவர் உள்ளே, வெளியே யாரும் இல்லை. 2 என்றால் ஒருவர் உள்ளே, வெளியே யாரோ காத்திருக்கக்கூடும். சுருக்கி எழுதினால் இப்படி வரும்:

```c
void lock(int *w) {
    int c = cmpxchg(w, 0, 1);
    if (c == 0) return;
    if (c != 2) c = xchg(w, 2);
    while (c != 0) {
        futex_wait(w, 2);
        c = xchg(w, 2);
    }
}

void unlock(int *w) {
    if (xchg(w, 0) == 2)
        futex_wake(w, 1);
}
```

`cmpxchg` என்பது “0 இருந்தால் 1 ஆக்கு, எப்படியானாலும் முன்பு என்ன இருந்தது என்று சொல்” என்ற கட்டளை. `xchg` நிபந்தனை இல்லாமல் புது எண்ணை வைத்துவிட்டுப் பழையதைத் திருப்பித் தரும். இரண்டையும் ப்ராசஸர் ஒரே அடியில் செய்யும். நடுவில் இன்னொரு கோர் புக முடியாது.

மூன்று த்ரெட்களை எடுத்துக்கொள்வோம்: அ, ஆ, இ. அ முதலில் வருகிறது, 0-ஐ 1 ஆக்கிவிட்டு உள்ளே போகிறது. கெர்னலுக்குச் செய்தி இல்லை. ஆ வருகிறது, 1 இருப்பதைப் பார்க்கிறது. “நான் காத்திருக்கிறேன்” என்பதன் அடையாளமாக 2 என்று மாற்றி வைத்துவிட்டு `futex_wait` கூப்பிட்டுத் தூங்கப் போகிறது. இ வரும்போதே 2 இருக்கிறது. அதுவும் தூங்கப் போகிறது. அ வேலையை முடித்து 0 வைக்கிறது. எடுத்த பழைய எண் 2. ஆகவே ஒருவரை எழுப்பச் சொல்கிறது. ஆ எழுகிறது, மறுபடி `xchg` செய்து 2 வைக்கிறது, பழையது 0 என்பதால் பூட்டு அதற்குக் கிடைத்துவிட்டது.

ஆ ஏன் 1 வைக்காமல் 2 வைக்கிறது? இ இன்னும் தூங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் அது ஆவுக்குத் தெரியாது. 1 என்று வைத்திருந்தால், திறக்கும்போது “யாரும் இல்லை” என்று நினைத்துக் கெர்னலைக் கூப்பிடாமல் போய்விடும். இ தூக்கத்திலேயே கிடக்கும். அதனால் ஒரு முறை தூங்கி எழுந்த யாரும் எப்போதும் 2 தான் வைக்க வேண்டும். அதற்கு ஒரு சிறிய விலை உண்டு. கடைசியில் இ எழுந்து, அதுவும் 2 வைத்து, வேலை முடித்துத் திறக்கும்போது எழுப்ப ஆளே இல்லாமல் ஒரு `futex_wake` போகும். கணக்குப் பார்த்தால் இரண்டு தூக்கம், மூன்று எழுப்பல். அதில் கடைசி எழுப்பல் வீண். இந்த வீண் அழைப்பை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நிரலில் எளிதில் கண்ணில் படாத ஒரு விவரம். `futex_wait` கூப்பிடும்போது முகவரியோடு 2 என்ற எண்ணும் ஏன் போகிறது? ஆ 2 வைத்துவிட்டுக் கெர்னலுக்குள் நுழைய ஒரு சிறு அவகாசம் ஆகும். அந்த இடைவெளியில் அ திறந்துவிட்டால்? அ 0 வைக்கும், 2 இருந்ததைப் பார்க்கும், எழுப்பச் சொல்லும். ஆ இன்னும் தூங்கவே தொடங்கவில்லை, எழுப்ப ஆள் இல்லை என்று அழைப்பு திரும்பிப் போய்விடும். அதன்பின் ஆ தூங்கினால், காலியாகக் கிடக்கும் பூட்டின் வாசலில் அது நிரந்தரமாகத் தூங்கும். பூட்டு எழுதுகிறவர்கள் அதிகம் பயப்படுவது இந்தத் தவறிய எழுப்பலுக்குத்தான்.

ஃப்யூடெக்ஸின் முழுக் கெட்டிக்காரத்தனமும் அந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது. “இந்த முகவரியில் இன்னும் 2 இருந்தால் மட்டும் என்னைத் தூங்க வை” என்பதே அந்த அழைப்பின் பொருள். கெர்னல் தன்னிடம் உள்ள அட்டவணையில் அந்த முகவரிக்குரிய வரிசையைக் கண்டுபிடித்து, வரிசையின் உள்பூட்டைப் போட்டுக்கொண்டு, நிரலின் எண்ணைத் தானே ஒருமுறை படிக்கும். 2 இல்லையென்றால் `EAGAIN` என்று உடனே திருப்பி அனுப்பும். ஆ மறுபடி முயலலாம். 2 இருந்தால் வரிசையில் சேர்த்துவிட்டுத் தூங்க வைக்கும். எழுப்புகிறவரும் அதே உள்பூட்டைப் போட்டுத்தான் வரிசையைப் பார்ப்பார். ஆகவே இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும்: தூங்கப் போகிறவர் மாறிய எண்ணைப் பார்ப்பார், அல்லது எழுப்புகிறவர் வரிசையில் ஆளைப் பார்ப்பார். இருவரும் ஒருவரையொருவர் தவறவிட வழியில்லை.

யாரும் தூங்காதபோது கெர்னலில் அந்தப் பூட்டைப் பற்றி ஒரு பைட் கூட இருக்காது. வரிசையில் சேர்க்கும் குறிப்புகூடத் தூங்கும் த்ரெட்டின் கெர்னல் ஸ்டாக்கிலேயே வைக்கப்படுகிறது. எழுந்ததும் அதுவும் மறைந்துவிடும். பத்து லட்சம் பூட்டுகள் வேண்டுமா, பத்து லட்சம் எண்கள் போதும். கெர்னலிடம் முன்கூட்டி வாங்கவும் வேண்டாம், திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம்.

இந்த முறையில் வரிசை மரியாதை கிடையாது. அ திறந்து ஆவை எழுப்பச் சொல்லிவிட்டு, ஆ கண் விழித்து வருவதற்குள் அதே அ மீண்டும் வந்து பூட்டிக்கொள்ளலாம். ஆ எழுந்து பார்த்து, பழையபடி தூங்கப் போகும். அநியாயம்தான், ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்டுக்குப் பூட்டைக் கொடுத்துவிடுவது மொத்த வேகத்துக்கு நல்லது என்பதால் இதை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறார்கள். தூங்கி எழுவதற்கு மைக்ரோ வினாடிக் கணக்கில் ஆகும், பூட்டுக்குள் நடக்கும் வேலையோ பல நேரம் ஐம்பது நானோ வினாடியில் முடிந்துவிடும். அதனால் கிடைக்காத உடனே தூங்காமல் சற்று நேரம் சுற்றிப் பார்ப்பவையும் உண்டு. 2022-இல் ரஸ்ட் மொழி லினக்ஸில் தன் பூட்டுகளை நேரடியாக ஃப்யூடெக்ஸுக்கு மாற்றியபோது, இதே 0, 1, 2 நிலைகளோடு, தூங்குவதற்கு முன் சுமார் நூறு முறை எண்ணைப் பார்க்கும் ஒரு சுற்றையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் எல்லா த்ரெட்டும் ஒரே பூட்டை முட்டிக்கொண்டே இருந்தால் இது எதுவும் காப்பாற்றாது. அங்கே மாற்ற வேண்டியது நிரலின் அமைப்பை.

மூன்று நிலைகளைத் தெரிந்துகொண்டவருக்கு நின்றுபோன ஒரு நிரலைப் படிப்பதும் எளிது. ப்ராசஸர் சும்மா இருக்கிறது, நிரல் நகரவில்லை என்றால் `strace -p` கொண்டு ஒட்டிப் பார்ப்பார்கள். திரையில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி பாதியில் நிற்கும்:

```
futex(0x55d0c8a1f040, FUTEX_WAIT_PRIVATE, 2, NULL
```

அந்த 2 மேலே சொன்ன அதே 2. குனு சி நூலகத்தின் சாதாரண பூட்டும் இதே எண்களைத்தான் வைத்திருக்கிறது. NULL என்றால் காலக்கெடு இல்லை, எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். பூட்டை இப்போது யார் வைத்திருக்கிறார் என்பதை அந்த நூலகம் பூட்டின் பக்கத்திலேயே `__owner` என்ற இடத்தில் த்ரெட் எண்ணாக எழுதி வைக்கும். Gdb-யில் அதைப் பார்த்து, அந்த த்ரெட் எங்கே நிற்கிறது என்று போய்ப் பார்க்கலாம். அதுவும் வேறொரு `FUTEX_WAIT`-இல் நின்று, அதற்குரிய பூட்டு முதல் த்ரெட்டிடம் இருந்தால், வழக்கமான பரஸ்பர முட்டுக்கட்டை. தவறு நிரல் எழுதியவருடையது.

2015-இல் ஜாவா சர்வர்களை நடத்தியவர்கள் சிலர் சந்தித்தது இந்த வகையில் சேரவில்லை. நிரல் நின்றுபோயிருக்கும், த்ரெட்கள் காத்துக்கொண்டிருக்கும், ஆனால் பூட்டை யாருமே வைத்திருக்கமாட்டார்கள். இன்னும் வினோதம், என்னவென்று பார்க்க strace-ஐயோ டீபக்கரையோ ஒட்டிய கணமே நிரல் எதுவும் நடக்காதது போல ஓடத் தொடங்கிவிடும். அசூல் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கில் டீனே அந்த ஆண்டு மே மாதம் இதைப் பொதுவெளியில் விளக்கியபோதுதான், தங்கள் நிரலிலேயே மாதக்கணக்கில் பிழை தேடிக்கொண்டிருந்த பலருக்கு விஷயம் புரிந்தது. பிழை கெர்னலில் இருந்தது.

அதன் வேர் அந்த வீண் அழைப்பு. எழுப்ப ஆளில்லாத `FUTEX_WAKE`-களும் வரிசையின் உள்பூட்டைப் போட்டுத்தான் திரும்பின. பல கோர் கொண்ட பெரிய சர்வர்களில் அந்த உள்பூட்டே நெரிசலானது. 2014 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 3.14-இல் இதற்கு ஒரு சுருக்குவழி வந்தது: காத்திருப்போர் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் உள்பூட்டைத் தொடாமலேயே திரும்பிவிடலாம். யோசனை நல்லதுதான். ஆனால் உள்பூட்டு அதுவரை இலவசமாகக் கொடுத்து வந்த ஒன்றை இனி வேறு வழியில் உறுதிசெய்ய வேண்டியிருந்தது.

தூங்கப் போகிறவர் முதலில் எண்ணிக்கையில் தன்னைச் சேர்த்துவிட்டுப் பிறகு பூட்டு எண்ணைப் படிக்க வேண்டும். எழுப்புகிறவர் முதலில் பூட்டு எண்ணை மாற்றிவிட்டுப் பிறகு எண்ணிக்கையைப் படிக்க வேண்டும். இருவரும் இந்த வரிசையைக் காப்பாற்றினால் ஒருவராவது மற்றவரைப் பார்த்துவிடுவார். சிக்கல் என்னவென்றால், இன்றைய ப்ராசஸர்கள் தாங்கள் எழுதியது மற்ற கோர்களுக்குத் தெரியும் முன்பே, அடுத்து வரும் படிப்பை முடித்துக்கொள்ளக்கூடியவை. அதைத் தடுக்க நடுவில் மெமரி பேரியர் என்ற கட்டளையை வைக்க வேண்டும். எழுப்புகிறவர் பக்கத்தில் அதைத் தனியாக எழுதவில்லை; வழியில் இருந்த `get_futex_key_refs()` என்ற செயற்கூறு ஒரு கணக்கைக் கூட்டும்போது அதுவே பேரியராகவும் வேலை செய்யும் என்று நம்பினார்கள். பல ப்ராசஸ்கள் பகிரும் பூட்டுகளுக்கு அது உண்மை. ஒரே ப்ராசஸுக்குள் மட்டும் புழங்கும் பூட்டுகளுக்கு அந்தச் செயற்கூறு எதையும் கூட்டாமல் வெளியே வந்துவிடும். நடைமுறையில் உள்ள பூட்டுகளில் பெரும்பாலானவை அந்த ரகம்தான்.

விளைவு, எழுப்புகிறவர் “காத்திருப்போர் பூஜ்யம்” என்று படிக்கிறார். அதே நேரத்தில் இன்னொரு கோரில் தூங்கப் போகிறவர் “பூட்டியிருக்கிறது” என்று படிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் தவறவிடுகிறார்கள். டீபக்கர் ஒட்டியதும் ஓடியதற்கும் காரணம் இதுதான்: ஒட்டும்போது கெர்னல் அந்தத் தூக்கத்தைக் கலைத்து அதே அழைப்பை மறுபடி தொடங்கும், அப்போது எண் 2 இல்லை என்பது தெரியவந்து `EAGAIN` கிடைக்கும், த்ரெட் நகர்ந்துவிடும்.

பிழை முதலில் பிடிபட்டது ஆண்ட்ராய்டின் சி நூலகத்தை 64 பிட் ஆர்ம் சிப்புகளில் ஓட்டியபோது. ஆர்ம் நிறுவனத்தின் கேட்டலின் மரினாஸ் எழுதிய திருத்தம் 2014 அக்டோபரில் கெர்னலில் சேர்ந்தது. அதன் சாரம் இரண்டு வரி:

```c
default:
    smp_mb(); /* explicit MB (B) */
```

திருத்தம் வந்த பிறகும் 2015 வரை ஏன் சர்வர்கள் நின்றன என்றால், நிறுவனங்கள் ஓட்டுவது பழைய கெர்னல்களை. ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 6.6 போன்ற வெளியீடுகள் 3.14-இன் வேகச் சுருக்குவழியைத் தங்கள் பழைய கெர்னலுக்குள் எடுத்து வைத்திருந்தன. பேரியர் வரி பின்னால் வந்த மேம்படுத்தலில்தான் போய்ச் சேர்ந்தது. இன்டெலின் ஹாஸ்வெல் சிப் பொருத்திய புது இயந்திரங்களில்தான் பிழை அதிகம் தலைகாட்டியது. அதனால் புது வன்பொருள் வாங்கியவர்கள் முதலில் சந்தேகப்பட்டது அந்தச் சிப்பைத்தான், பிறகு ஜாவாவை.